ஒரே பெயரில் இரண்டு முகங்கள்

அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் அவரை எல்லோரும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நிர்வாகக் குழுத் தலைவரும் சின்னம்மா, பால் ஊற்ற வருகிறவரும் சின்னம்மா. உண்மையில் அவர் யாருக்கும் சித்தி இல்லை. கல்யாணம் ஆகி மூன்றே வருடத்தில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, கையில் ஒரு துணிப்பையோடு அங்கே வேலைக்கு வந்தவர். அப்போது இல்லத்தில் அம்மா என்று கூப்பிட ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அதனால் இவர் சின்னம்மா ஆனார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. சின்னம்மாவுக்குப் பதவி உயர்வு வந்தது, பெயர் உயரவில்லை. அவருக்கும் அதுவே பிடித்திருந்தது.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, பிரார்த்தனை அறையில் விளக்கை ஏற்றி, இப்போது இருக்கிற பிள்ளைகளின் பெயரையும் வளர்ந்து வெளியே போன பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வார். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும் என்று சமையல் அக்கா முணுமுணுப்பார்.

"சின்னம்மா, ஆண்டவனுக்கு எல்லாப் பேரும் தெரியும். சுருக்கமாச் சொன்னா அவர் கோச்சுக்க மாட்டார்."

"அவருக்குத் தெரியும்டி. நான் மறந்துடக் கூடாதுன்னு சொல்றேன்."

சின்னம்மாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. படம் பிடிப்பது. யாரோ தானமாகக் கொடுத்த ஃபிலிம் கேமராவில் தொடங்கியது அது. பல் விழுந்தால் ஒரு படம், புதுச் செருப்பு வந்தால் ஒரு படம், காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தால் ஒரு படம். "சொந்த வீட்டுல வளர்ற பிள்ளைக்கு யாராவது எடுத்து வெச்சிருப்பாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு நாமதானே" என்பார். பெரியவர்களாகி வேலைக்குப் போன பிள்ளைகள், தங்களுக்கு ஒரு குழந்தை பிறந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்: "சின்னம்மா, நான் சின்னதுல எப்படி இருந்தேன்? ஒரு போட்டோ இருக்கா?"

அதற்காகவே அந்தப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, சந்தா கட்டும் ஒரு ஆப்பில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் முகத்தைத் தொட்டால் அந்தப் பிள்ளையின் படம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சின்னம்மா பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதியிருந்தார். ஸ்கேன் செய்த நாளை அழித்துவிட்டு, எடுத்த வருடத்தையும் உத்தேசமாகத் திருத்தியிருந்தார். யாராவது கேட்டால் ஒரு லிங்க் தட்டிவிடுவார், அவ்வளவுதான் வேலை.

பிறகு குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் முகம் எல்லாம் யாருடைய மெஷினிலோ இருக்கிறதே, அது சரியா? இடமும் நிரம்பிவிட்டது என்று அந்த ஆப் தினமும் நச்சரித்தது. அப்போதுதான் ஒயர் வந்தான்.

ஒயர் இதே இல்லத்தில் வளர்ந்தவன். சின்ன வயதில் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி என்று எதையும் விட்டுவைக்காமல் பிரித்துப்போட்டதால் வந்த பெயர். இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், தொப்பையும் போட்டாகிவிட்டது. ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அலுவலக அறையின் மூலையில் வைத்தான்.

"இனிமே எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கும் சின்னம்மா. குறிப்பு, ஃபைல், படம், பாட்டு, சினிமா எல்லாத்துக்கும் ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணு ஒண்ணு இருக்கு. யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்குன்னுகூடத் திறந்து பார்க்கலாம்."

"நான் திறந்து பார்த்து என்னடா பண்ணப் போறேன்?"

"நீங்க பார்க்க வேணாம். தெரிஞ்சவங்க பார்ப்பாங்க, தப்பு இருந்தாச் சொல்லுவாங்க."

"சரிதான். ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்?"

ஒயர் கொஞ்சம் யோசித்தான். "எனக்குத்தான்."

அந்தப் பதிலில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் போகப் போகத்தான் தெரிந்தது. குறிப்பு எழுதும் ஆப் நன்றாகவே இருந்தது. ஆனால் சின்னம்மாவும் சமையல் அக்காவும் ஒரே சாமான் குறிப்பை ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவர் எழுதியது மட்டும் நிற்கும், மற்றவர் எழுதியது 'முரண்பட்டவை' என்று ஒரு தனி மடிப்பில், அதாவது ஒரு ஃபோல்டரில், போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் உப்பே வரவில்லை. "நான் எழுதினேன்" என்று சமையல் அக்கா சாதிக்க, "எழுதலை" என்று சின்னம்மா சாதிக்க, கடைசியில் உப்பு அந்த மடிப்புக்குள் பத்திரமாக இருந்தது.

அரசு அலுவலகத்திலிருந்து வரும் படிவத்தைப் புது ஆபீஸ் ஆப்பில் திறந்தால் கட்டங்கள் சரிந்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் வயது வந்து நிற்கும். கூடத்து டிவியில் படம் போட்டால் சில படம் பளிச்சென்று ஓடும், சில படத்தை அந்த டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்க அந்தப் பழைய பெட்டிக்கு மூச்சு முட்டும். கதாநாயகன் பாதி உதையில் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்பான். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. ஒயருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அங்கேயே போனது.

"இலவசம் இலவசம்னு சொல்லி என் புருஷனை அங்கேயே கட்டிப் போட்டுட்டீங்க" என்று அவன் மனைவி ஒருநாள் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சின்னம்மாவுக்குத்தான் சுருக்கென்றது. அதன் பிறகு சின்னக் கோளாறுக்கெல்லாம் அவனைக் கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தானே தட்டுத்தடுமாறிப் பார்க்கத் தொடங்கினார்.

அப்படித் தானே செய்த வேலைகளில் ஒன்றுதான் முகங்களைச் சேர்த்தது.

பழைய ஆப்பிலிருந்து படம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் முகத்துக்கு எழுதிய பெயர்கள் வரவில்லை. திருத்திய வருடங்களும் படத்தோடு ஒட்டாமல், பக்கத்தில் வேறு சின்னச் சின்ன ஃபைலாக வந்து கிடந்தன. அதைப் படத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒயர் நினைப்பதற்குள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, அந்தச் சின்ன ஃபைல்களை அழித்தாகிவிட்டது, பழைய கணக்கையும் மூடியாகிவிட்டது. ஒயர் வைத்த பெட்டி நாள் கணக்கில் உறுமிக்கொண்டே முகங்களைத் தேடி, குவியல் குவியலாகப் பிரித்துக் காட்டியது. ஒரே பிள்ளையின் மூன்று வயது முகம் ஒரு குவியல், பத்து வயது முகம் இன்னொரு குவியல். வளர்ந்த முகமும் வளராத முகமும் ஒன்றுதான் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். சின்னம்மா மதிய நேரங்களில் உட்கார்ந்து, இதுவும் இதுவும் ஒரே பிள்ளை என்று சேர்த்துச் சேர்த்து, மறுபடியும் பெயர் எழுதி முடித்தார். கண் எரிந்தது. மனசு நிறைந்திருந்தது.

இந்த நிலையில்தான் குருவி போன் செய்தாள்.

குருவி இப்போது வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆறு வயதில் தங்கையோடு இல்லத்துக்கு வந்தவள். தங்கைக்கு அப்போது இரண்டு வயது, வாண்டு என்று பெயர். தங்கைக்கு ஐந்து வயதானபோது ஒரு தம்பதி முறையாகத் தத்தெடுத்துக் கூட்டிப்போனார்கள். சின்னப் பிள்ளை ஒன்று போதும் என்றார்கள். அக்கா தங்கையைப் பிரிக்கக் கூடாது என்று இப்போது கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், அப்போது அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் குருவி மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

"சின்னம்மா, வாண்டு கிடைச்சுட்டா" என்றாள் போனில். "இல்லத்து மூலமா எழுதிக் கேட்டிருந்தோமே, அவளே போன் பண்ணினா. நல்லாப் பேசினா. ஆனா... எனக்கு அக்கா இருந்த ஞாபகமே இல்லைங்கன்னு சொல்றா. 'ங்க' போட்டுப் பேசுறா சின்னம்மா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற போட்டோ ஏதாவது இருக்கான்னு கேட்டா. இருக்குன்னு சொல்லிட்டேன். இருக்குல்ல?"

"இல்லாம எங்கடி போகும்? நான் எடுக்காம விட்டிருப்பேனா?"

"அப்ப பழைய மாதிரி லிங்க் அனுப்புங்க."

அங்கேதான் சிக்கல். ஒயரின் பெட்டியில் உள்ளது எல்லாம் இல்லத்தின் வைஃபைக்குள் மட்டும்தான் திறக்கும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒயர் வெளி வாசலையே திறந்துவிடவில்லை. "நானே தேடி எடுத்துப் போன்ல அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். குருவியின் முகத்தைத் தட்டினார். படங்கள் வந்து கொட்டின. அடுத்து வாண்டுவின் முகத்தைத் தேடினார்.

வாண்டுவின் முகமே இல்லை.

எத்தனை தடவை மேலும் கீழும் உருட்டினாலும் இல்லை. திரும்பக் குருவியின் படங்களுக்கே வந்து ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தபோதுதான், தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஐந்து வயது வாண்டு, ஆறு வயதுக் குருவியை அச்சில் வார்த்த மாதிரி இருப்பாள். வளர்ந்த குருவி, வளராத குருவி என்று நினைத்து இரண்டு பேரையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டிருந்தார்.

ஒயருக்குப் போன் செய்தார். அன்றைக்கு அவருக்கு வேறு வழி இல்லை.

"சேர்த்ததைப் பிரிக்க ஒரு பொத்தான் இருக்கும்ல?"

"இல்லையே சின்னம்மா. சேர்த்தா சேர்த்ததுதான். ஒவ்வொரு படமாப் பார்த்து, இது வேற ஆளுன்னு தனியா எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். தேதி வெச்சுத் தேடலாம்னா, அந்த வருஷத்துப் படம் எல்லாம் ஸ்கேன் பண்ணின நாளைத்தான் காட்டும். அது என் தப்பு."

"தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். அவளுக்கு என்னடா சொல்றது?"

சொல்வதற்குள் மறுநாள் காலை குருவியே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். ராத்திரி டூட்டி முடித்த முகம். விஷயத்தைச் சின்னம்மா மறைக்காமல் சொன்னார். குருவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க சின்னம்மா அந்தப் பெட்டி? எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். படம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. வேலை என்னவோ வாண்டுவைத் தேடுவதுதான், ஆனால் ஒரு படத்தையும் சும்மா தாண்ட முடியவில்லை. பச்சைக் கதவு போட்ட பழைய குளியலறை. மொட்டை மாடியில் வரிசையாகக் காயும் பாய்கள். மழையில் நனைந்த பாடப் புத்தகங்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

"ஐயோ, இந்த கவுன். எல்லாருக்கும் ஒரே துணி."

"தானமா வந்த துணி ஒரே சுருளா வந்தது. நான் என்ன பண்ணட்டும்? தைச்சுத் தைச்சு எனக்கே கனவுல அந்தப் பூ வந்தது."

"முடியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டி விட்டிருக்கீங்க."

"பேன்! ஒரு தலையில ஏறினா ஊர்வலமாப் போகும். பின்ன என்ன பண்றது?"

"அதான் உங்களுக்கே அடையாளம் தெரியலை" என்று குருவி சொல்லிவிட்டு, சின்னம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்து, "எனக்கும்தான் தெரியலை. என் தங்கச்சி எது, நான் எதுன்னு எனக்கே தெரியலையே" என்று மெல்லச் சேர்த்தாள்.

அதுதான் உண்மை. குருவிக்குத் தங்கையின் முகம் நினைவில் இல்லை. நினைவில் இருந்தது ஒரு பாரம் மட்டும், இடுப்பில் எப்போதும் இருந்த ஒரு பாரம். கூட்டமாக எடுத்த படங்களில் ஒட்ட வெட்டிய தலைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். எதுவும் உறுதியில்லை. ஏதோ ஒரு பிள்ளையைக் காட்டி இதுதான் நீ என்று சொல்லிவிட முடியுமா? அப்படி ஒரு பொய்யில் தொடங்கவா இத்தனை வருடம் காத்திருந்தாள்?

மதியம் ஒயர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தான். வாராவாரம் எல்லாவற்றையும் அதில் ஒரு நகல் எடுத்து, தன் கடையில் கொண்டுபோய் வைப்பான். பெட்டி எரிந்துபோனாலும் படம் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. குருவியைப் பார்த்ததும், "என்ன நர்ஸம்மா, ஊசி ஏதும் கொண்டு வரலையே?" என்றான்.

"உங்க பெட்டிக்குத்தான் அண்ணே போடணும். என் தங்கச்சியை முழுங்கிட்டுப் பேசாம உட்கார்ந்திருக்கு."

"பழைய நகல்லயும் இருக்காதா?" என்று சின்னம்மா கேட்டார்.

"நீங்க சேர்த்து முடிச்சு மாசக்கணக்காச்சு. நான் வெச்சிருக்கிற நகல் எல்லாம் அதுக்கு அப்புறம் எடுத்தது. பழைய நகல் மேலேயே புது நகல் எழுதிட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான்.

கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. குருவி சும்மா மவுஸ் சுட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் அதில் இருக்கிறவர்களின் பெயர்கள் தெரியும். பெயரின் மேல் சுட்டி பட்டால், படத்தில் அந்த ஆளின் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழும். 'குருவி' என்ற பெயரின் மேல் வைத்தாள். கட்டம் விழுந்தது. அடுத்த படம். கட்டம் விழுந்தது. அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த படம். அடுத்தது.

"அண்ணே" என்றாள் திடீரென்று. "இதுல ரெண்டு கட்டம் விழுது."

ஒயர் எட்டிப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டி ஓரம் எடுத்த படம். ஐந்தாறு பிள்ளைகள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஒருத்தியின் முகத்தில் ஒரு கட்டம். அவள் பக்கத்தில், பாதி திரும்பி நிற்கும் சின்னவளின் முகத்தில் இன்னொரு கட்டம். ஓரத்தில் பெயர் ஒன்றே ஒன்றுதான்.

"ஒரே ஆள் ஒரே படத்துல ரெண்டு இடத்துல எப்படிண்ணே நிக்க முடியும்?"

ஒயர் இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினான். "நிக்க முடியாது. ஒண்ணு நீ. இன்னொண்ணு..."

"சும்மா இரு" என்றார் சின்னம்மா. "அவ பார்க்கட்டும். மெஷின் வேற பிள்ளையைக்கூடத் தப்பாச் சேர்த்திருக்கலாம்."

குருவி படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பெரியவளின் கை சின்னவளின் விரல்களைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டை வளைத்துப் பிடித்திருந்தது.

"கையைப் பிடிச்சா உருவிக்கிட்டு ஓடிடுவா" என்றாள் குருவி. "வழுக்குற கை. அதனால நான் இங்கதான் பிடிப்பேன்." தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக் காட்டினாள். காட்டிய கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சின்னம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒயர் ஒயரைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான்.

வழி தெரிந்த பிறகு வேகம் வந்துவிட்டது. பெயரின் மேல் சுட்டியை வைப்பது, இரண்டு கட்டம் விழுகிறதா என்று பார்ப்பது. சின்னம்மா செய்த தப்பே இப்போது கை காட்டிக்கொண்டு நின்றது. எல்லாப் படத்திலும் அது உதவவில்லை. திரும்பி நின்ற முகத்தையும் நிழலில் நின்ற முகத்தையும் அந்தப் பெட்டி முகமென்றே எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தும் இன்னும் சில கிடைத்தன. ஊஞ்சலில் ஒன்று. பாயில் தூங்கும்போது ஒன்று, அதில் சின்னவளின் கால் பெரியவளின் கழுத்தின் மேல்.

தண்ணீர்த் தொட்டிப் படத்தைக் குருவி தன் போனில் இறக்கி, தங்கைக்கு அனுப்பினாள். பதிலுக்காகப் போனை மேசைமேல் வைத்து மூன்று பேரும் அடுப்பில் பால் வைத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கழித்துப் போன் மினுங்கியது.

"என்னடி எழுதியிருக்கா?"

குருவி படித்தாள். "'வலது பக்கம் நிக்கிறது நான்தானே? எங்க வீட்டுல இருக்கிற முதல் போட்டோவுலயும் இதே கவுன்தான் போட்டிருக்கேன். யார் தைச்சதுன்னு அம்மாவுக்குத் தெரியலை. நீங்க ஏன் என் கையை அப்படிப் பிடிச்சிருக்கீங்க?'"

"இன்னும் 'ங்க'தான் போடுறா" என்றான் ஒயர்.

"போடட்டும். கேள்வி கேட்கிறாளே" என்று சொல்லிவிட்டுக் குருவி வாசலுக்குப் போய்ப் பேசினாள். வெகுநேரம் பேசினாள். வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. "அடுத்த மாசம் இங்க வரேன்னு சொல்லியிருக்கா. உங்களைப் பார்க்கணுமாம்."

அதன் பிறகுதான் பிரிக்கும் வேலை. இரண்டு கட்டம் விழுந்த படங்களில் சின்ன முகத்தைத் தொட்டு, இது வேறு ஆள் என்று தனியாக எடுத்து, வாண்டு என்று பெயர் எழுதினார்கள். அந்த முகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தனியாக இருந்த படங்களிலும் பலவற்றை அடையாளம் கண்டார்கள். வாண்டுவுக்கு ஒரு குவியல் மெல்ல மெல்ல உருவானது. குருவியின் குவியல் அந்த அளவுக்கு இளைத்தது.

கடைசியில் சில படங்கள் மிஞ்சின. ஒரு பிள்ளை தனியாக நிற்கிறது. ஒட்ட வெட்டிய தலை, அதே பூப்போட்ட கவுன், அதே மூக்கு. ஐந்து வயது வாண்டுவா, ஆறு வயதுக் குருவியா? சின்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். குருவி தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள்.

"ரெண்டு பேர் பேரையும் போட்டு வைக்க முடியாதாடா?"

"ஒரு முகத்துக்கு ஒரு பேர்தான் சின்னம்மா எடுக்கும். காசு கட்டுற ஆப்பும் அப்படித்தான்" என்றான் ஒயர். "ஏதாவது ஒண்ணைப் போட்டு முடிங்க. யார் கேட்கப் போறா?"

"ஒரு தடவை அப்படித்தான் முடிச்சேன்" என்றார் சின்னம்மா. "எழுதாதே. சும்மா விடு."

ஒயர் அந்தப் படங்களைப் பெயர் எழுதாத ஒரு குவியலாக எடுத்துத் தனியே போட்டான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் காலியாக நின்றது. குருவி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ வரட்டும் சின்னம்மா. ரெண்டு பேரும் உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கிறோம்" என்றாள்.